5,000 ரூபாய் விளம்பரம், 12 ஆர்டர்... நகையை அடகு வைக்கலாமா?

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே ஆலோசனைதான் கிடைக்கிறது. ‘முதல்ல சின்னதா ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல ஒரு விளம்பரம் போட்டுப் பாருங்க. பத்து நாள்ல தெரிஞ்சிடும்!’

பத்து நாளில் தெரிந்துவிடும் என்பது பாதி உண்மை. சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும். சில விஷயங்கள் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் தெரிந்திருக்காது. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. அதை நம்பித்தான் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஊர் நிஜம், ஆட்களும் எண்களும் கற்பனை. ராஜபாளையத்தில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு மில் அலுவலகத்தில் வேலை. மனைவிக்கு ஒரு யோசனை: மரச்செக்குக் கடலை எண்ணெயை, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. இப்போதைக்கு ஒரு செக்கு அண்ணாச்சியிடம் எண்ணெய் வாங்கிக்கொள்கிறார்கள். விளம்பரம் ஓடிவிட்டால், நகையை வைத்து 2 லட்சம் ரூபாய் புரட்டிச் சொந்தச் செக்கு போடுவதாகத் திட்டம்.

ஒரு லிட்டர் 320 ரூபாய். அண்ணாச்சிக்கு 230, பாட்டிலுக்கும் லேபிளுக்கும் 12, பெட்ரோலுக்கு 18 போக, கையில் நிற்பது 60 ரூபாய். இந்த 60-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை வேலை இருக்கிறது.

விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய், ஊருக்கு 250. பத்து நாளைக்கு 5,000. இதில் பலர் மறந்துவிடுகிற ஒன்று, 18 சதவிகித ஜி.எஸ்.டி. அதையும் சேர்த்தால் செலவு 5,900 ரூபாய்.

பதினோராம் நாள் காலையில் கணக்கு இப்படி நிற்கிறது: விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் வந்து பேசியவர்கள் 90 பேர். ஆர்டர் 15. அதில் மூன்று, சித்தி மகள் குடும்ப குரூப்பில் போட்டதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கொடுத்தது. அதைக் கழித்துவிட வேண்டும். சொந்தத்தில் வரும் ஆர்டர் பாசத்தைக் காட்டும், சந்தையைக் காட்டாது. மிச்சம் 12. ராஜபாளையத்தில் 8, ஸ்ரீவில்லிபுத்தூரில் 4.

“ஏங்க, ராஜபாளையத்துல ரெண்டு மடங்கு ஓடுது. ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுருவோம். அந்தக் காசையும் இங்கேயே போட்டா மாசத்துக்கு ஐம்பது ஆர்டர் வரும்ல?”

கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த இரண்டு வரிக்குள் மூன்று முடிவுகள் இருக்கின்றன. மூன்றுக்குமே இந்தப் பத்து நாளில் ஆதாரம் கிடையாது.

எட்டும் நாலும்

முதலில், ‘ரெண்டு மடங்கு’. ஒரு ரூபாய் நாணயத்தைப் பன்னிரண்டு முறை சுண்டுங்கள். சரிபாதியாக ஆறு பூ, ஆறு தலை விழும் என்று நினைப்போம். உண்மையில் அப்படி விழுவது நாலில் ஒரு தடவைகூட இல்லை. எட்டுக்கு நாலு அல்லது அதைவிட ஏற்றத்தாழ்வாக விழுவது, பத்தில் நாலு தடவை நடக்கும். நாணயத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே! அதாவது, இரண்டு ஊரும் எண்ணெய் விஷயத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தாலும், இந்த 8, 4 வந்திருக்கலாம்.

அதுபோக, இரண்டும் ஒரே அளவு ஊரும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1.3 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75,000 பேர். ஆளுக்கு ஏற்ற ஆர்டர் என்று பார்த்தாலும் எட்டும் நாலும் பொருந்திப்போகிறது.

இன்னொரு சிக்கல், விளம்பரம் ஊர் எல்லையைப் பார்த்துப் போவதில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான் தூரம். ராஜபாளையத்தைச் சுற்றி 17 கிலோமீட்டர் வட்டம் போட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரும் உள்ளே வந்துவிடும். இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பவர் இரண்டு விளம்பரத்தையும் பார்ப்பார். ‘இந்த ஊரில் வசிப்பவர்கள் அல்லது சமீபத்தில் வந்து போனவர்கள்’ என்ற கணக்கில் விளம்பரம் காட்டப்பட்டால், ஆண்டாள் கோயிலுக்கு வந்துவிட்டுப் பால்கோவா வாங்கிக்கொண்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கும் அது போகும். அவர்கள் ஆர்வமாக, ‘மதுரைக்கு அனுப்புவீங்களா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

‘ஓ, அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குறைவு!’ என்று இப்போது தோன்றுகிறதா? அதுவும் ஒரு கதைதான். பன்னிரண்டு ஆர்டருக்குப் பன்னிரண்டு கதை கட்டலாம். எது உண்மை என்று அந்தப் பன்னிரண்டு சொல்லாது.

பன்னிரண்டு என்பது பன்னிரண்டா?

இதே விளம்பரத்தை, இதே காசுக்கு, இன்னொரு பத்து நாள் ஓட்டினால் மறுபடி 12 வருமா? வராது. 8 வரலாம், 17 வரலாம். எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போது தற்செயலின் கை ஓங்கியிருக்கும். புள்ளியியல் கணக்குப்படி, உண்மையான சராசரி 6 முதல் 21 வரை எங்கே இருந்தாலும், ஒருமுறை பார்க்கும்போது 12 தென்படுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இதைக் காசாக மாற்றினால் விஷயம் புரியும். 5,900 ரூபாயை 12-ஆல் வகுத்தால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 492 ரூபாய். நோட்டில் இந்த எண்ணைத்தான் எழுதி வட்டம் போடுவார்கள். நேர்மையாக எழுத வேண்டுமென்றால், ‘ஏறக்குறைய 280-லிருந்து 980 வரை ஏதோ ஒன்று’ என்றுதான் எழுத வேண்டும்.

பெரிய பணம் போட்டால் துல்லியமாகத் தெரிந்துவிடுமா என்றால், அதுவும் நினைப்பதுபோல் இல்லை. ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக, நிதி நிறுவனங்கள் நடத்திய 25 விளம்பரச் சோதனைகளை எடுத்து அலசினார்கள். மொத்த விளம்பரச் செலவு 28 லட்சம் டாலர். பெரும்பாலான சோதனைகளில் விளம்பரம் லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்திருந்தது. 2015-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: அவ்வளவு பெரிய சோதனைகளிலேயே பலவற்றில், விளம்பரம் நல்ல லாபம் தந்ததா, நஷ்டம் தந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவர் ஒன்றுமே வாங்கமாட்டார், அடுத்தவர் அள்ளி வாங்குவார். மனிதருக்கு மனிதர் இருக்கும் அந்த வித்தியாசத்துக்கு முன்னால், விளம்பரம் உண்டாக்கும் மாற்றம் ரொம்பச் சின்னது. சந்தை இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பதுபோல.

மூன்றாவது முடிவு, ‘காசைக் கூட்டினால் ஆர்டரும் கூடும்’. ஃபேஸ்புக்கின் விளம்பர இயந்திரம், முதலில் யார் எளிதாகப் பேச வருவார்கள் என்று தேடி அவர்களிடம்தான் காட்டும். அதனால் முதல் 5,000 ரூபாய் பிடித்துத் தந்தது ஊரிலேயே மடங்கக்கூடிய ஆட்களை. அடுத்த 5,000 அதைவிடக் கஷ்டப்பட்டுத்தான் ஆள் பிடிக்கும். சென்னை மாதிரி கடல் இல்லை இது, கண்மாய். சீக்கிரம் தரை தட்டும்.

அந்த இயந்திரம் ஒழுங்காகப் பழகுவதற்கே, ஒவ்வொரு விளம்பரத் தொகுப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் தேவை என்று அதை நடத்தும் மெட்டா நிறுவனமே சொல்கிறது. இங்கே இரண்டு ஊர்த் தொகுப்புக்கும் சேர்த்து, பத்து நாளில் வந்தது 90 பேர்தான். ஆக, பார்த்தது முழுக்க இயந்திரம் பழகும் காலம். நடுவில், ‘படம் நல்லா இல்லை, மாத்திப் பார்ப்போம்’ என்று கை வைத்திருந்தால், பழக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கும். நாலாம் நாள் பதறிப்போய்த் திருத்துகிறவர்கள், பத்து நாள் சோதனையை மூன்று, நாலு நாள் துண்டுகளாக நறுக்கிவிடுகிறார்கள்.

எந்தப் பத்து நாள்?

பத்து நாளில் மூன்று கிழமைகள் இரண்டு முறை வரும், மற்ற நாலும் ஒரு முறைதான் வரும். வெள்ளிக்கிழமை தொடங்கினால், வெள்ளி, சனி, ஞாயிறு இரண்டிரண்டு. செவ்வாய்க்கிழமை தொடங்கினால் சனி, ஞாயிறு ஒன்றே ஒன்று. வீட்டில் ஆற அமரப் போனைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை என்றால், தொடங்கிய கிழமையே முடிவை மாற்றிவிடும். பதினாலு நாள் ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை. அதே 5,000 ரூபாயைப் பதினாலு நாளுக்குப் பிரித்துப் போட்டிருக்கலாம்.

கிழமையைச் சரிக்கட்டலாம், மாதத்தைச் சரிக்கட்ட முடியாது. மில் சம்பளம் வருகிற வாரமா, கை வறண்ட கடைசி வாரமா? ஆடிப்பூரத் தேரோட்ட நேரமா? தீபாவளிக்கு முறுக்கு சுடுகிற பத்து நாளில் எண்ணெய் விற்றுவிட்டு, அதை வருடத்துக்குப் பெருக்கினால் எப்படி இருக்கும்?

நிச்சயமாகத் தெரிந்தவை

இவ்வளவு சொன்ன பிறகு, ‘அப்போ 5,900 ரூபாயும் தண்டமா?’ என்று கேட்கத் தோன்றும். இல்லவே இல்லை.

வாட்ஸ்அப்பில் வந்த அந்த 90 பேரின் பேச்சை, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் படிப்பதில்லை, எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கற்பனைக் கணக்கிலேயே தொடர்ந்தால், 41 பேர் ‘விலை என்ன?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் போனதும் காணாமல் போயிருக்கிறார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர்! இது தற்செயலாக வரக்கூடிய எண் இல்லை. 320 ரூபாய் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால், இவர்களில் பலர் வந்தே இருக்கமாட்டார்கள். அந்தக் காசு வேறு ஆளைத் தேடிப் போயிருக்கும்.

22 பேர், ‘அரை லிட்டர் கிடைக்குமா?’ என்று கேட்டிருக்கிறார்கள். பழக்கமில்லாத எண்ணெயை யார் முதலிலேயே ஒரு லிட்டர் வாங்குவார்கள்? சிலர், ‘கேன் கொண்டு வந்தா ஊத்தித் தருவீங்களா தம்பி?’ என்று கேட்டிருக்கிறார்கள். சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை என்பது தம்பதிக்கு அப்போதுதான் தெரிய வருகிறது.

வேலையில் எங்கெங்கே ஓட்டை என்பதும் தெரிந்துவிட்டது. மதியம் வந்த கேள்விக்கு, கணவர் வேலை முடிந்து வந்து ராத்திரி எட்டு மணிக்குப் பதில் போட்டிருக்கிறார். அதற்குள் கேட்டவர் பக்கத்துக் கடையில் வாங்கிவிட்டார். ஒரு பாட்டில் வண்டியில் கசிந்துவிட்டது. ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே ஒரு ஆர்டருக்காகப் போய்வந்ததில், 18 ரூபாய் என்று போட்ட பெட்ரோல் கணக்கே பொய்யாகிவிட்டது. இதற்கெல்லாம் புள்ளியியல் தேவையில்லை. ஒரு முறை கசிந்தால் போதும், மூடி சரியில்லை என்று அர்த்தம்.

ஒரு ஆர்டர்கூட வராமல் போயிருந்தாலும்கூட ஒரு தகவல் கிடைத்திருக்கும். இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. 90 பேர் கேட்டு ஒருவரும் வாங்கவில்லை என்றால், மூன்றை 90-ஆல் வகுக்க வேண்டும். முப்பதில் ஒன்று. கேட்பவர்களில் வாங்குபவர்கள் அதிகபட்சம் முப்பதுக்கு ஒருவர் என்று நம்பலாம், அதற்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 30 பேர்தான் கேட்டார்கள் என்றால் பத்தில் ஒன்று. அப்போது பூஜ்யத்தை வைத்து, ‘யாருக்கும் வேண்டாம்’ என்று சொல்ல முடியாது.

பணக் கணக்கிலும் ஒன்று உறுதியாகிவிட்டது. ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு, எவ்வளவு அதிர்ஷ்டமாகப் பார்த்தாலும் 280 ரூபாய். ஒரு பாட்டிலில் நிற்பது 60 ரூபாய். ஆக, இந்த விலையில், இந்த விளம்பரத்தில், ஒரே முறை வாங்கிப் போகிறவரால் நஷ்டம்தான். இதில் ‘ஒருவேளை’ கிடையாது. போட்ட காசு திரும்ப, அவர் குறைந்தது ஐந்து முறை வாங்க வேண்டும். 492 என்ற நடு எண்ணை எடுத்தால் எட்டு, ஒன்பது முறை.

பாட்டில் காலியாகட்டும்

வாங்குவார்களா? அதுதான் முழுத் தொழிலும். அதைத்தான் இந்தப் பத்து நாள் தொடவே இல்லை.

நாலு பேர் இருக்கும் வீட்டில், நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கூட இருக்கும்போது, ஒரு லிட்டர் கடலை எண்ணெய் மூன்று வாரமாவது வரும். சில வீடுகளில் ஒரு மாதம். பத்தாம் நாள் பார்க்கும்போது யார் வீட்டிலும் பாட்டில் பாதிகூட இறங்கியிருக்காது. பிடித்திருந்தாலும் திரும்ப வாங்கியிருக்கமாட்டார்கள். தோசை மாவு விற்றிருந்தால் கதையே வேறு. மூன்று நாளுக்கு ஒருமுறை தீர்கிற பொருள், பத்து நாளில் மூன்று முறை கதவைத் தட்டியிருக்கும். எத்தனை நாள் சோதனை என்பதைப் பொருள் தீருகிற வேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். ரவுண்டாக இருக்கிறதே என்று பத்து நாள் வைப்பதில் பலன் இல்லை.

நல்ல வேளையாக, இந்த மிச்சச் சோதனைக்கு விளம்பரக் காசு தேவையில்லை. பன்னிரண்டு பேரின் எண்ணும் கையில் இருக்கிறது. விளம்பரத்தை நிறுத்திவிட்டு, நாற்பதாம் நாள்வரை காத்திருந்து, ஒரே மாதிரி ஒரு போன்: “அக்கா, எண்ணெய் தீர்ந்துச்சா? அடுத்த பாட்டில் கொண்டு வரவா?” தள்ளுபடி எதுவும் சொல்லக் கூடாது. தள்ளுபடிக்கு வாங்குகிறவர், எண்ணெய்க்கு வாங்குகிறவர் இல்லை.

பதில் வருவதற்கு முன்பே, எத்தனை பேர் வந்தால் என்ன செய்வது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். வந்த பிறகு எழுதினால், எந்த எண் வந்தாலும் நல்ல எண்ணாகத்தான் தெரியும். 2 லட்ச ரூபாய்க் கனவு அப்படித்தான் கண்ணைக் கட்டும்.

எந்த எண்ணை எழுதுவது? ஒருவர் சராசரியாக ஐந்து முறை வாங்க வேண்டுமென்றால், ஒவ்வொரு பாட்டில் தீரும்போதும் ஐந்து பேரில் நாலு பேர் திரும்ப வர வேண்டும். 12 பேரில் 5 பேர்தான் திரும்ப வந்தார்கள் என்று வையுங்கள். சின்ன எண்ணிக்கை என்பதால் தாராளமாகவே பார்ப்போம். உண்மையான விகிதம், கூடிப்போனால் நூற்றுக்கு 72. அப்படியே இருந்தாலும் ஒருவர் வாங்கப்போவது சராசரியாக மூன்றரை முறைக்குச் சற்று அதிகம். அதில் நிற்பது 215 ரூபாய் சொச்சம். பிடிக்க ஆன குறைந்தபட்சச் செலவு 280. எல்லாவற்றையும் அதிர்ஷ்டப் பக்கமாகவே எடுத்துக்கொண்டும் கையைக் கடிக்கிறது. அப்போது நகை பெட்டியிலேயே இருக்கட்டும். இந்த முடிவை எடுக்கப் பன்னிரண்டு பேர் போதும்.

பத்துப் பேர் திரும்ப வந்தால்? அப்போதும் சொந்தச் செக்கு போடும் அளவுக்கு அது ஆதாரம் ஆகாது. உண்மையான விகிதம் பாதியாகவும் இருக்கலாம், நூற்றுக்கு 98 ஆகவும் இருக்கலாம். ஆனால், அண்ணாச்சியிடமே எண்ணெய் வாங்கிக்கொண்டு, விலையை விளம்பரத்திலேயே போட்டு, அரை லிட்டர் பாட்டிலும் சேர்த்து, இன்னொரு 5,000 ரூபாய் செலவழிக்கத் தகுதியான எண் அது.

இடைப்பட்ட எண் வந்தால், அதாவது ஏழு, எட்டு என்று நின்றால், மனசு மேலே இழுக்கும். அந்த இடத்தில் வேறு வழியில் வருகிற வாடிக்கையாளரைப் பார்க்கலாம். சித்தி மகள் மூலம் வந்த அந்த மூன்று பேரை நினைவிருக்கிறதா? கணக்கில் கழித்துவிட்ட மூன்று பேர். அவர்களைப் பிடிக்க ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. அவர்கள் தங்கள் பக்கத்து வீட்டில் சொல்லி, முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்கிறாரா என்று நாற்பது நாளில் தெரிந்துவிடும். ‘யார் சொல்லி வந்தீங்க?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அதை நோட்டில் தனிப் பத்தியாக எழுதி வந்தால் போதும்.